‘எனக்கு வரையவே வராது’ என்று நினைக்கும் பெரியவர்கள் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வரைகிறோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடத்தோடு பென்சிலை மூடி வைத்தவர்கள். நானும் 46 வயதில்தான் தொடங்கினேன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

பெட்டி எட்வர்ட்ஸ் எழுதிய ‘டிராயிங் ஆன் த ரைட் சைட் ஆஃப் த பிரெய்ன்’. 1979-இல் முதலில் வந்தது. 2012-இல் வந்த நான்காம் பதிப்புதான் இப்போது புதிதாகக் கிடைப்பது. கோலாலம்பூர் சூரியா கே.எல்.சி.சி.யில் உள்ள கினோகுனியா மாதிரி பெரிய கடையில் ஓவியப் பகுதியில் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு கண்ணில் பட்டால் தயங்காமல் எடுக்கலாம். முக்கியமான பயிற்சிகள் அதிலும் உண்டு.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். மற்ற தொடக்கப் புத்தகங்களில் பல, பூனையை இப்படிப் போடு, மரத்தை இப்படிப் போடு என்று கைக்கு வேலை கொடுக்கின்றன. தனக்கு வராது என்று நம்புகிற ஆளுக்குக் கை பிரச்சினையே இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்கு வரையத் தேவையான கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் புத்தகம் நேராக அந்த இடத்தில் கை வைக்கிறது.

எனக்கு ஒரு முகம் போட்டால் முகமாகவே இருக்காது. பிறவியிலேயே இல்லாததைப் புத்தகம் எப்படிக் கொண்டுவரும்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு முகம் வரையுங்கள். பிறகு ஸ்கேலை எடுத்து உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்து, கண்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ அதற்கும் மேலேயோ இருக்கும். இப்போது கண்ணாடி முன்னால் நின்று அதே அளவைப் பென்சிலால் எடுங்கள். கண் சரிபாதியில் இருக்கும், மேலே பாதி, கீழே பாதி. முடியையும் நெற்றியையும் நாம் பார்ப்பதில்லை. கண், மூக்கு, வாயைத்தான் பார்க்கிறோம். அதனால் அவற்றுக்குத் தாளில் அதிக இடம் கொடுத்துவிட்டு மண்டையின் மேல்பகுதியை வெட்டிவிடுகிறோம்.

இந்தப் பிழையை ஏறக்குறைய எல்லாரும் செய்கிறார்கள். திறமை இல்லாததால் வரும் பிழை என்றால் ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி வர வேண்டும் அல்லவா? ஒரே மாதிரி வருகிறது. ஏனென்றால் சின்ன வயதில் நாம் எல்லாரும் கற்றுக்கொண்ட குறியீடுகளைத்தான் போடுகிறோம். கண் என்றால் மாவடு மாதிரி ஒரு வடிவம், நடுவில் வட்டம். மூக்கு என்றால் இரண்டு புள்ளி. ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகள் நிஜமாகத் தெரிகிற மாதிரி வரைய ஆசைப்படுகிறார்கள். இந்தக் குறியீடுகள் அதற்கு உதவுவதில்லை. அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் நிறுத்துகிறார்கள். அதனால் ஐம்பது வயதுக்காரர் இன்று வரைந்தாலும் அந்தப் பத்து வயதுப் படமே வருகிறது. நடுவில் நாற்பது ஆண்டுகள் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

புத்தகம் முதல் வேலையாக மூன்று படங்களைப் போடச் சொல்கிறது: கண்ணாடி பார்த்து உங்கள் முகம், நினைவிலிருந்து ஓர் ஆள், உங்கள் கை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். தேதி எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்க வேறு சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்கிறது. செய்தேன், கோணலாக வந்தது. எங்கே தப்பு?

பிக்காசோ 1920-இல் வரைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கோட்டோவியத்தைத்தானே சொல்கிறீர்கள்? நாற்காலியில் கைகோத்து உட்கார்ந்திருப்பார். அதைத் தலைகீழாக வைத்தால் ‘இது விரல், இது மூக்குக் கண்ணாடி’ என்று பெயர் சொல்வது கஷ்டம். பெயர் வராவிட்டால் குறியீடும் வராது. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, தாளின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் மிஞ்சும்.

கோணலாக வருவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. முதலாவது, முழு உருவத்தின் வெளிக்கோட்டை முதலில் போட்டுவிட்டு உள்ளே நிரப்புவது. வெளிக்கோட்டில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் உள்ளே எதுவும் பொருந்தாது. மேலே ஒரு மூலையில் தொடங்கி, ஒரு கோட்டுக்குப் பக்கத்துக் கோடு என்று ஒட்டிக்கொண்டே கீழே வர வேண்டும். இரண்டாவது, பாதியில் தாளைத் திருப்பிப் பார்ப்பது. திருப்பிய உடனே அது மனிதனாகிவிடும், பெயர்கள் திரும்பிவிடும். முடியும் வரை திருப்பாதீர்கள். அரை மணி முதல் நாற்பது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முடித்த படத்தை நிமிர்த்தி வைத்து, எந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். அவர் போட்டிருக்கும் மேல்சட்டையின் மடிப்புகள் பெரும்பாலும் அருமையாக வந்திருக்கும். விரல்களும் முகமும் கெட்டிருக்கும். அடையாளம் தெரிந்த இடத்தில்தான் பிழை இருக்கும். இதை ஒருமுறை தன் தாளிலேயே பார்த்துவிட்டால் ‘எனக்குக் கை வராது’ என்ற பேச்சை விட்டுவிடுவார்கள்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. இங்கே பிக்காசோ உங்களுக்காக நிஜ ஆளை ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிட்டார். மேசைமேல் உள்ள தேநீர்க் குவளையை நீங்களே தட்டையாக்க வேண்டும். இதில் வெற்றி கண்டு, அடுத்ததில் தடுமாறினால் அது இயல்புதான்.

கையை வரைய ஒரு கண்ணாடிப் பலகை வேண்டும் என்கிறது. எங்கே போய் வாங்குவது?

வாங்க வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் விறைப்பான ஒளிபுகும் பிளாஸ்டிக் ஃபைல் அட்டை ஒன்று போதும். எட்டுக்குப் பத்து அங்குல அளவில் வெட்டி, அட்டைச் சட்டம் ஒன்றை ஒட்டுங்கள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போடுங்கள். இடக்கையை விரல்கள் உங்களை நோக்கி வருகிற மாதிரி மடக்கி, பிளாஸ்டிக்கை அதன்மேல் சாய்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிற விளிம்புகளை அப்படியே பிளாஸ்டிக்மேல் வரைய வேண்டும்.

பேனா விஷயத்தில் கவனம். தண்ணீர் மை பிளாஸ்டிக்கில் திரண்டு உருண்டுவிடும், ஒயிட்போர்ட் மார்க்கர் உள்ளங்கை பட்டாலே அழியும். மெல்லிய முனை பெர்மனன்ட் மார்க்கர் எடுங்கள். பிறகு ஹேண்ட் சானிடைசர் ஒரு துளி விட்டுத் துடைத்தால் போய்விடும்.

ஒரு கண்ணை ஏன் மூட வேண்டும் என்றால், இரண்டு கண்ணும் இரண்டு வேறு படங்களைத் தருகின்றன. கோடு எதன்மேல் போவது என்று தெரியாமல் இரட்டையாகும். தலையையும் அசைக்கக் கூடாது. வரைந்து முடித்ததும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். உங்களை நோக்கி நீட்டிய விரல் நம்பவே முடியாத அளவுக்குக் குட்டையாகவும், நுனி தடித்தும் இருக்கும். விரல் என்றால் நீளம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் சொல்வதை நம்புங்கள். அதன்பிறகு அதே குறுக்குக் கோடுகளைத் தாளில் லேசாகப் போட்டு, பிளாஸ்டிக்கில் உள்ளதைக் கண் பார்வையாலேயே தாளுக்கு மாற்றுவதுதான் பயிற்சியின் பாதி. பலர் அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

நாற்காலிக்குப் பதிலாக நாற்காலியைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை வரையச் சொல்கிறது. இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை.

என் அத்தான் செய்ததை அப்படியே சொல்கிறேன். அவருக்கு 61 வயது, பட்டர்வொர்த் பக்கம் சரக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “நமக்கெல்லாம் வராதும்மா, அக்காவ வேணா உக்காரச் சொல்லு” என்றுதான் முதல் நாள் சொன்னார். எங்கள் வீட்டில் பழைய கோப்பித்தியாம் நாற்காலி ஒன்று இருக்கிறது. வளைந்த மர முதுகு, வட்ட இருக்கை. அதை ஆறடி தள்ளி வைத்து, சும்மா வரையச் சொன்னேன்.

அவர் போட்டதில் இருக்கை முழு வட்டமாக இருந்தது, கூரையிலிருந்து பார்க்கிற மாதிரி. நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் முடிந்தன. இருக்கை வட்டம், கால்கள் நான்கும் சமம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் போட்டார். கையை நேராக நீட்டிப் பென்சிலால் அளந்து பார்த்தோம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, இருக்கையின் அகலம், அதன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் தெரிந்த உயரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பின்கால்களின் அடி, முன்கால்களின் அடியைவிட, இருக்கை அகலத்தில் பாதிக்கும் மேலான உயரத்தில் நின்றது.

அப்புறம் மைலோ பெட்டி அட்டையில் 8க்கு 10 சென்டிமீட்டரில் ஒரு ஜன்னல் வெட்டினோம். தாளில் 16க்கு 20 சென்டிமீட்டரில் ஒரு சட்டம், அதாவது அதே விகிதம், இரட்டிப்பு அளவு. விகிதம் மாறினால் எல்லாமே நீண்டோ குறுகியோ போகும், எனவே இதை ஸ்கேலால் போடுங்கள். ஒரு கண்ணை மூடி ஜன்னல் வழியாகப் பார்த்து, நாற்காலி சட்டத்தின் இரண்டு பக்கமாவது தொடும்வரை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தொட்டால்தான் வெளியே உள்ள வெற்றிடங்கள் நாலுபுறமும் மூடிய வடிவங்களாகும். எல்லை இல்லாத வெற்றிடத்தை யாராலும் வரைய முடியாது.

முதலில் ஒரே ஒரு முழு வெற்றிடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முதுகு வளைவுக்குள் இருந்த இடைவெளியை எடுத்தார். அதன் அகலம் எவ்வளவு, உயரம் அதில் எத்தனை மடங்கு என்று மட்டும் பார்த்து, தாளில் சரியான இடத்தில் போட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல். அடுத்து முதுகுக்கும் சட்டத்தின் இடது விளிம்புக்கும் நடுவில் இருந்த வடிவம். பிறகு கால்களுக்கு நடுவில் இருந்தவை. இங்கே ஒரு முறை சறுக்கினார். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவில் இருந்த வடிவத்தை நேர்ச் செவ்வகமாகப் போட்டார். மறுபடி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். கீழ்ப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. அழித்துத் திருத்தினார்.

ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. அவர் இருக்கையை வரையவே இல்லை. மேலேயும் கீழேயும் இருந்த வெற்றிடங்கள் முடிந்தபோது, நடுவில் இருக்கை தானாகத் தட்டையான நீள்வட்டமாக வந்து நின்றது. “இவ்ளோ ஒல்லியாவா இருக்கு?” என்று எழுந்து போய் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

இது ஏன் வேலை செய்கிறதென்றால், நாற்காலிக் காலுக்குப் பெயர் இருக்கிறது, கால்களுக்கு நடுவில் உள்ள காற்றுக்குப் பெயர் இல்லை. சிறுவயதில் நாம் அதற்கு எந்தக் குறியீடும் கற்கவில்லை. எனவே பார்த்தால்தான் போட முடியும். வரைந்த படத்தில் எங்காவது இடறினால், அந்த இடத்தில் நீங்கள் மறுபடி பொருளை வரைய ஆரம்பித்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டைகள் குறைவு, முதல் தடவைக்கு ஏற்றதல்ல. மர நாற்காலி, சைக்கிள், மடக்கு ஏணி, கிளை பிரிந்த செடி இவையெல்லாம் நல்லவை.

வலது மூளை, இடது மூளை என்று நிறைய எழுதியிருக்கிறார். இது உண்மையா?

அந்தப் பகுதியை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர் ஸ்பெரி மூளையின் இரு பாதிகளைப் பற்றிச் செய்த ஆய்வுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்விலிருந்துதான் எட்வர்ட்ஸ் தன் விளக்கத்தைக் கட்டினார். படைப்பு முழுக்க வலது, தர்க்கம் முழுக்க இடது என்ற பிரிவை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை. ஓர் ஓவியம் வரைய இரண்டு பாதியும் வேலை செய்கின்றன. ஆனால் பெயர் சொல்லிப் பார்ப்பதும், வடிவமாகப் பார்ப்பதும் வேறு வேறு என்பதை நீங்களே தலைகீழ்ப் படத்தில் உணர்வீர்கள். பயிற்சிகள் அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. மூளைப் பக்கங்களைத் தாண்டிவிட்டு முதல் பயிற்சிக்குப் போனாலும் ஒன்றும் கெடாது.

முப்பது நாளில் வரையலாம் என்கிற புத்தகத்தை வாங்கிவிட்டேன். வீணா?

வீண் இல்லை. மார்க் கிஸ்லரின் ‘யூ கேன் டிரா இன் 30 டேஸ்’ 2011-இல் வந்தது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், முதல் பாடம் ஓர் உருண்டை. நிழல் போட்டு, தரையில் அதன் சாயலைப் போட்டால் உடனே பந்து மாதிரி புடைத்து நிற்கும். முதல் நாளே பேரப்பிள்ளையிடம் காட்டலாம்.

ஆனால் அது கற்பனையிலிருந்து கட்டி எழுப்பும் முறை. உருண்டை, பெட்டி, உருளை என்று அடுக்கிக்கொண்டே போகும். எதிரே இருக்கும் பொருளைப் பார்ப்பது அதில் குறைவு. அதை மட்டும் முடித்தவர்கள் பந்தும் மலரும் அழகாகப் போடுகிறார்கள், ஆனால் அம்மாவின் முகத்தைப் போட உட்கார்ந்தால் பழைய மாவடுக் கண்ணே வருகிறது. வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் இருபது நிமிடத்துக்கு இது, வாரக் கடைசியில் எட்வர்ட்ஸ் என்று சேர்த்துச் செய்யுங்கள்.

உண்மையான ஓவியர்கள் படித்த பழைய புத்தகத்திலிருந்தே தொடங்கினால் என்ன?

கிமோன் நிக்கோலைடிஸின் ‘த நேச்சுரல் வே டு டிரா’வைத்தான் பலர் சொல்கிறார்கள். அவர் 1938-இல் இறந்தார், புத்தகம் 1941-இல் வந்தது. மிக நல்ல புத்தகம். ஆனால் அது கலைப் பள்ளி மாணவருக்கு எழுதியது. வாரம் பதினைந்து மணி நேர அட்டவணை, எதிரே நிற்க ஒரு மாடல். குடும்பம், வேலை உள்ளவருக்கு இரண்டாம் வாரமே பின்தங்கிவிடும், பழி மறுபடி திறமையின் மேல் விழும். அதிலிருந்து ஒரு பயிற்சியை மட்டும் கடன் வாங்கலாம்: தாளைப் பார்க்காமல், பென்சில் முனை பொருளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போகிறது என்று நம்பி மிக மெதுவாக வரைவது. படம் அலங்கோலமாகத்தான் வரும். நன்றாக வந்தால் தாளைப் பார்த்துவிட்டீர்கள்.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

எட்வர்ட்ஸ் நடத்திய பட்டறை ஐந்து முழு நாட்கள், ஏறக்குறைய நாற்பது மணி நேரம். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் பதின்மூன்று வாரம். தினமும் பத்து நிமிடம் என்று பிரிக்காதீர்கள். பெயர் சொல்லும் பேச்சு மனத்தில் அடங்கவே கால் மணி ஆகும்.

என் ஆங்கிலம் சுமார்தான். படித்துப் புரியுமா?

பயிற்சிகள் உள்ள பக்கங்கள் எளிமையான ஆங்கிலம், எண் போட்டு வரிசையாக இருக்கும், பக்கத்திலேயே படம் உண்டு. விளக்க அத்தியாயங்கள்தான் நீளம். அவற்றை வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லலாம்.

என்ன பென்சில்?

தேர்வுக்குப் பிள்ளைகள் பயன்படுத்தும் 2B, கூடவே ஒரு 4B. பிசைகிற ரப்பர் ஒன்று. சாதாரண ஏ4 தாள். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புத்தகத்தை முதலில் வாங்கினால் கெடுத்துவிடுவோமோ என்று கை நடுங்கும்.

நிழல் போடும் பாடத்துக்கு வந்தேன். என் முகத்தில் நிழலே தெரியவில்லையே?

கூடத்தின் டியூப் லைட்தான் காரணம். நம் வீடுகளில் வெள்ளை விளக்கு கூரையிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும், நிழல் கரைந்துவிடும். அதை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை உங்கள் முகத்துக்கு ஒரு பக்கமாக, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மூக்குக்குப் பக்கத்தில் தெளிவான கறுப்பு வடிவம் ஒன்று விழும். அதையும் நாற்காலியின் வெற்றிடம் மாதிரியே, பெயரில்லாத ஒரு வடிவமாக வரையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நடுத்தர மங்கல்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்று பிரியும்.

புத்தகம் முடிந்தது. அடுத்து?

பெர்ட் டாட்சனின் ‘கீஸ் டு டிராயிங்’, 1985. அதில் எனக்குப் பிடித்த பழக்கம், தப்பான கோட்டை அழிக்காமல் விட்டு, அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுவது. எட்வர்ட்ஸின் முறையில் பழகியவர்கள் மெதுவாக, சுத்தமாக வரைவார்கள். வெளியே உட்கார்ந்தால் ஆள் எழுந்து போய்விடுவார், படகு நகர்ந்துவிடும். அங்கே இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது. அத்தான் இப்போது அந்தப் புத்தகத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபெர்ரி துறைப் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டு படம் போட்டு வருகிறார். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும்.